புகை தள்ளும் வண்டியா, பேப்பர் சிக்கல் உள்ள வண்டியா: பழைய பைக்கை வாங்கி விற்பதில் எது கையில் நிற்கும்?

பழைய இருசக்கர வண்டியை வாங்கி, வேலை பார்த்து, திரும்ப விற்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில், அதாவது கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி வரையுள்ள ஊர்களில், அடிக்கடி வந்து நிற்கும் ஒரு கேள்வி உண்டு. சந்தையில் நல்ல நிலையில் 42,000 ரூபாய்க்குப் போகக்கூடிய ஒரு வண்டி 24,000, 25,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, இன்ஜின் புகை தள்ளும், ஆர்.சி. புக் சுத்தமாக இருக்கும். மற்றது, இன்ஜின் மணி போல ஓடும்; ஆர்.சி. புக்கில் கடன் பதிவோ, பெயர் மாற்றாத பழைய உரிமையாளரோ, கட்டாத அபராதமோ இருக்கும். கையில் ஒரு வண்டிக்கான பணம் மட்டுமே இருக்கும்போது இந்த இரண்டில் எதை எடுப்பது?

புதிதாக இறங்குபவர்கள் பேப்பர் சிக்கல் உள்ள வண்டியைத்தான் விரும்புகிறார்கள். இன்ஜினைப் பிரித்தால் என்ன செலவு வருமோ என்ற பயமும், பேப்பர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு நடை நடந்தால் முடிந்துவிடும் என்ற நினைப்பும் அதற்குக் காரணம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே ஆண்டில் இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஸ்பிளெண்டர் பிளஸ் வாங்கி விற்று, இரண்டுக்கும் நோட்டில் எழுதிய கணக்கை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. அந்த இரண்டு கணக்கையும் இங்கே முழுமையாக வைக்கிறேன். தொகைகள் என் கையிலிருந்து போனவை. உங்கள் ஊர் மெக்கானிக்கும் புரோக்கரும் கேட்பது கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

முதல் வண்டி

தை மாதம் பன்னிரண்டாம் தேதி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் முதல் வண்டியைப் பார்த்தேன். 2016-ஆம் ஆண்டு வண்டி, ஒரே உரிமையாளர், ஆர்.சி. புக் அவர் பெயரிலேயே இருந்தது. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன் இன்ஜின் சிலிண்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இதை ஒவ்வொரு முறையும் செய்வேன். ஆள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தெரியும் சில குறைகள் தெரியாமலே போய்விடும்.

அவர் உதைத்து ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலம் கலந்த புகை வந்து வைக்கோல் போரின் மேல் கொஞ்ச நேரம் தங்கியது. ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது சிறிய வேலை. முறுக்கும்போதும், ஆளை ஏற்றிப் போகும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். மார்கழி, தை மாதக் காலையில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அது உள்ளே தங்கிய ஈரம், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, கார்புரேட்டர் வேலை.

இந்த வண்டியில் முறுக்க முறுக்கப் புகை வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திறந்து பார்த்தேன். அங்கிருந்தும் விட்டு விட்டுப் புகை அடித்தது. ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்பதற்கு அது போதுமான சாட்சி. அடுத்து நான் கவனித்தது சத்தத்தை. இந்த வகை வண்டியில் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது புகை அல்ல, அடியிலிருந்து வரும் சத்தம்தான். சிலிண்டர் வேலைக்கு ஒரு எல்லை உண்டு. கனெக்டிங் ராடும் கிராங்க்கும் தேய்ந்திருந்தால் இன்ஜினை முழுதாக இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்போது செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகி லாபம் முழுவதையும் விழுங்கிவிடும். ஆளை ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்த் திடீரென முறுக்கினால், கிராங்க் போன வண்டியில் அடியிலிருந்து கனமான ‘டொக் டொக்’ சத்தம் வரும். மேலே கேட்கும் சன்னமான ‘டிக் டிக்’ சத்தம் டேப்பெட். இடது பக்கம் சரசரவென்று கேட்பது டைமிங் செயின். இவை இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. நீடாமங்கலம் வண்டியில் டைமிங் செயின் சத்தம் மட்டும் இருந்தது.

27,000 ரூபாய் கேட்டார். வண்டியைக் காட்டிவிட்ட கடைக்காரருக்குக் கொடுத்த 500 ரூபாய் நீங்கலாக, 24,000 ரூபாய்க்கு முடிந்தது.

இன்ஜின் வேலைக்கு ஆனது இது: சிலிண்டர் பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த செட் 2,600 ரூபாய், வால்வு லேப்பிங்கும் சீலும் 450, டைமிங் செயின் செட் 750, கேஸ்கெட் 250, ஆயில் 400, கூலி 1,800. மொத்தம் 6,250 ரூபாய். பழைய பிளாக்கையே லேத்தில் கொடுத்து போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்த பிளாக் ஏற்கெனவே ஒருமுறை போர் போடப்பட்டது என்பது பிரித்தபோது தெரிந்தது. மறுபடியும் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக் சந்தேகப்பட்டார். வாங்குபவர் அதே தாலுகாவில் இருக்கப்போகிறவர். ஆறு மாதத்தில் மீண்டும் புகை வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார். அதனால் புது பிளாக்கே போட்டோம்.

வெளி வேலைக்கு 4,050 ரூபாய் ஆனது. செயின் ஸ்பிராக்கெட் செட் 1,100, பின் டயர் 1,850, பிரேக் ஷூவும் கேபிள்களும் 500, சீட் கவர், பாலிஷ், வாட்டர் வாஷ் எல்லாம் சேர்த்து 600. டேங்குக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா என்று பெயின்டர் கேட்டார், வேண்டாம் என்றேன். எங்கள் பக்கத்தில் புது பெயின்ட்டைக் கண்டால் வாங்குபவர் முதலில் கேட்பது ‘எங்க விழுந்துச்சு?’ என்பதுதான். கீறலோடு இருக்கும் கம்பெனி பெயின்ட்டுக்கு உள்ள மதிப்பு புது பெயின்ட்டுக்கு இல்லை. ஆகவே 3,000 ரூபாய் செலவழித்து விலையைக் குறைத்துக்கொள்ளும் வேலையாகவே அதை நான் பார்க்கிறேன்.

பேப்பர் செலவு 2,500 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய், அதன் மேல் சேவைக் கட்டணம். படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி ஆன்லைனில் ஏற்றிக் கொடுத்தவருக்கான கூலியையும் சேர்த்து 1,200 ரூபாய் ஆனது. இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 714 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீடு இரண்டையும் சேர்த்து 1,200 ரூபாய் வந்தது. புகைச் சான்றிதழுக்கு 100.

விற்றுக் கொடுத்த புரோக்கருக்கு 1,000, பெட்ரோல், பஸ் போக்குவரத்துக்கு 600. ஆக, வாங்கிய விலை 24,000, காட்டியவருக்கு 500, ரிப்பேர் 10,300, பேப்பர் 2,500, புரோக்கர் 1,000, போக்குவரத்து 600. கூட்டினால் 38,900 ரூபாய். மாசி இரண்டாம் தேதி வலங்கைமான் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் 42,000 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார். பத்தொன்பது நாளில் 3,100 ரூபாய்.

இரண்டாவது வண்டி

சித்திரை மாத நடுவில் கும்பகோணத்துக்கு வெளியே இரண்டாவது வண்டி கிடைத்தது. 2017-ஆம் ஆண்டு வண்டி. முதல் வண்டியைவிட ஒரு வயது குறைவு. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த நிலையிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. 25,000 ரூபாய்க்கு முடித்தபோது, நன்றாக வாங்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

விற்றவர் ஆர்.சி. புக்கில் இருந்தவர் அல்ல. முதல் உரிமையாளரிடம் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களை வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டுகள் பெயர் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார். இதை ‘ஓப்பன் பேப்பர்’ என்பார்கள். முதல் உரிமையாளர் வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டார். ஆர்.சி. புக்கில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் கடன் பதிவும் இருந்தது. கடனை 2019-லேயே கட்டி முடித்துவிட்டதாகவும், நிறுவனம் கொடுத்த தடையில்லாக் கடிதம் எங்கோ தவறிப்போய்விட்டதாகவும் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். உண்மையாக இருந்தும் ஒவ்வொன்றும் எத்தனை நாள் பிடித்தது என்பதில்தான் என் கணக்கு தவறியது.

கடன் பதிவு நீங்கினால்தான் பெயர் மாற்றம் நடக்கும். அதற்குப் படிவம் 35 வேண்டும். அதில் நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். கடிதத்தின் நகலுக்குக் கடன் வாங்கியவரே விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள்; அவர் திருப்பூரில். அவருக்குப் போன் செய்து, அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து அங்குள்ள கிளையில் எழுதிக் கொடுத்து, நகல் வருவதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலும் மூன்று மாதக் கெடு போட்டிருப்பார்கள் என்பதால், கடிதம் வந்தபின் வேறு எதையும் ஆறப்போடவும் முடியாது.

அடுத்தது அவருடைய ஒப்புதல். முன்பெல்லாம் பையில் மடித்து வைத்திருந்த கையெழுத்துப் படிவங்களை வைத்து வேலையை முடித்தவர்கள் உண்டு. இப்போது விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது; உரிமையாளரின் செல்பேசிக்கு ஓ.டி.பி. போகிறது. பதிவில் இருந்த எண்ணை அவர் எப்போதோ கைவிட்டிருந்தார். எண்ணை மாற்றுவதற்கு அவருடைய ஆதார், அவருடைய நேரம், அவருடைய மனது மூன்றும் வேண்டியிருந்தது. நான் இரண்டு முறை திருப்பூர் போனேன். இரண்டாவது முறை, வேலையை விட்டுவிட்டு வருவதற்கு 1,500 ரூபாய் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, கொடுத்தேன்.

கடைசியில் அபராதம். இதை நான் வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். வண்டி எண்ணைத் தட்டினால் echallan.parivahan.gov.in தளத்தில் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் வீதம் இரண்டு அபராதங்கள் நிலுவையில் இருந்தன. ஓட்டியவர் என்னிடம் விற்றவர், பதிவு திருப்பூரில் இருப்பவர் பெயரில், கட்டியது நான்.

இந்த வண்டியின் கணக்கு இப்படி முடிந்தது. வாங்கியது 25,000, காட்டியவருக்கு 500, ஆயில், பிரேக், வாஷ் என ரிப்பேர் 1,900. பேப்பருக்கு மட்டும் 10,000: கடித நகலுக்கு 800, திருப்பூர்ப் பயணங்களுக்கு 1,400, முதல் உரிமையாளருக்கு 1,500, அபராதம் 2,000, கடன் பதிவு நீக்கத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் சேர்த்துக் கட்டணமும் கூலியுமாக 3,000, இன்சூரன்ஸ் 1,200, புகைச் சான்றிதழ் 100. விற்ற புரோக்கருக்கு 1,000, பெட்ரோல் 400. மொத்தம் 38,800 ரூபாய். முதல் வண்டிக்கு ஆனதைவிட நூறு ரூபாய்தான் குறைவு. ஒரு வயது குறைந்த வண்டி என்பதால் 43,000 வரும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பேப்பர் எல்லாம் கைக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள். எடுக்க வந்தவரும் அதையே காரணமாகச் சொல்லி விலையைக் குறைத்தார். தொண்ணூற்று நான்காம் நாள் 41,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். கையில் நின்றது 2,200 ரூபாய்.

வட்டியைச் சேர்த்துப் பார்த்தால்

3,100-க்கும் 2,200-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். இந்தத் தொழிலில் பலர் தங்கள் பணத்துக்கு வட்டி எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். சொந்தப் பணமாக இருந்தாலும், வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியதாகவே கணக்கு வைக்கிறேன். வாங்கிய விலைக்கு மட்டும் போட்டால், முதல் வண்டிக்குப் பத்தொன்பது நாளுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் வட்டி. இரண்டாவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனதால் ஏறத்தாழ 1,570 ரூபாய். முதல் வண்டியில் 2,800 ரூபாய் நிற்கிறது. இரண்டாவதில் 630 ரூபாய். அதே மூன்று மாதத்தில் அந்தப் பணம் சுற்றியிருந்தால் இன்னும் இரண்டு, மூன்று வண்டிகள் கைமாறியிருக்கும் என்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த வித்தியாசம் அந்த இரண்டு வண்டிகளின் அதிர்ஷ்டத்தால் வந்தது என்று நான் கருதவில்லை. இன்ஜின் வேலையின் செலவை, பிரிப்பதற்கு முன்பே ஒரு நல்ல மெக்கானிக் ஐந்நூறு ரூபாய் முன்பின்னாகச் சொல்லிவிடுவார். சாமான் கடையில் விலை எழுதியிருக்கிறது. மூன்று நாளில் வேலை முடியும். என் பணத்தால் முடிக்கக்கூடிய வேலை அது. பேப்பர் வேலையில் அரசுக்குக் கட்டும் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது இன்னொருவருடைய சம்மதத்தாலும் ஓய்வு நேரத்தாலும் முடிய வேண்டிய வேலை. அந்த இன்னொருவர் திருப்பூரில் இருந்ததால் எனக்கு இரண்டு பயணத்தோடு போயிற்று. மன்னார்குடிப் பக்கத்தில் பல வண்டிகளின் உரிமையாளர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். சிலர் இறந்தே போயிருப்பார்கள்; அப்போது படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதம் என்று வேலை நீளும். அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் நான் தொடுவதில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. கும்பகோணம் வண்டியை வாங்கிய வாரத்திலேயே, பெயர் மாற்றாமல், அதே ஓப்பன் பேப்பரோடு 36,000 ரூபாய்க்குக் கேட்டார் ஒருவர். ரிப்பேரும் தரகும் போக 7,000 ரூபாய்க்கு மேல் ஒரே வாரத்தில் நின்றிருக்கும். மேலே சொன்ன இரண்டு லாபங்களையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. பலர் அப்படித்தான் விற்கிறார்கள். நான் மறுத்ததற்குக் காரணம், அந்த லாபத்தின் விலையை வேறொருவர் கட்ட நேரும் என்பதுதான். வண்டி கைமாறினாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. இன்சூரன்ஸ் இல்லாத ஓப்பன் பேப்பர் வண்டி தஞ்சாவூர் சாலையில் ஒருவரை இடித்தால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்குத்தான் நோட்டீஸ் போகும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்வதும் இதற்காகத்தான். இதையே தொழிலாக, தொடர்ந்து செய்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்றும் தேவை. கன்சல்டிங் கடை வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

புரோக்கர் தரகு

இரண்டு வண்டியிலும் விற்கும்போது 1,000 ரூபாய் தரகு கொடுத்தேன். நேரடியாக விற்று அதை மிச்சம் பிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டவுனில் கடை வைத்திருப்பவருக்கு அது சரி. கிராமத்தில் யார் வீட்டில் சம்பா நெல் விற்ற பணம் வந்திருக்கிறது, யார் பையனுக்கு வேலைக்குப் போக வண்டி தேவைப்படுகிறது என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புரோக்கருக்குத்தான் தெரியும். தையில் வாங்கிய வண்டி மாசி தொடக்கத்திலேயே போனதற்கு அறுவடைப் பணமும் அவரும்தான் காரணம். அந்த ஆயிரம் தகும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. சிலர் தரகோடு நிற்காமல், விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் ஒரு விலையும் சொல்லி நடுவில் இரண்டாயிரம், மூவாயிரம் வைத்துக்கொள்வார்கள். வாங்குபவர் 39,000-க்குக் கேட்டதாக நாம் நினைத்திருப்போம். வாங்குபவர் 42,000 கொடுத்திருப்பார். அதனால் பணத்தை எண்ணும்போது மூவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வலங்கைமான்காரர் வந்த அன்று புரோக்கர் என்னைத் தனியே அழைத்து, “அண்ணே, நீங்க உள்ள இருங்க, நான் பேசி முடிச்சுட்டு வர்றேன்” என்றார். “பேசுங்க தம்பி, நானும் பக்கத்துலயே நிக்கிறேன்” என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் வியாபாரம் முடிந்தது. பேப்பர் சிக்கல் தீராத வண்டியில் இந்த உறுதி நமக்கு இருக்காது. வாங்குபவரைச் சம்மதிக்க வைப்பதே தன் வேலை என்று சொல்லி அவர் தரகை இரட்டிப்பாகக் கேட்பார், நாமும் கொடுப்போம்.

எந்த விலைக்கு மேல் கேட்கக்கூடாது

இப்போது நான் பின்னாலிருந்து கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறேன். முதல் வண்டியையே எடுத்துக்கொண்டால், விற்கும் விலை 42,000. அதிலிருந்து ரிப்பேர் 10,300, பேப்பர் 2,500, இரண்டு பக்கத் தரகு 1,500, போக்குவரத்து 600, வட்டி 300 ஆகியவற்றைக் கழித்தால் 26,800 நிற்கும். எனக்கு 3,000 ரூபாய் வேண்டும் என்றால் வாங்கும் விலை 23,800. நான் 24,000 கொடுத்தேன். அந்த இருநூறுதான் லாபத்தில் குறைந்தது. அதே வழியில் இரண்டாவது வண்டிக்கு, ஆடியில் விற்க நேர்ந்ததையும் சேர்த்து, 41,000-இலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் 22,600-க்கு மேல் கொடுத்திருக்கக்கூடாது. 2,400 ரூபாயை நான் வாங்கிய அன்றே இழந்துவிட்டேன்.

பேப்பர் சிக்கல் உள்ள வண்டி ஒருபோதும் கூடாது என்று இதைக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆர்.சி. புக்கில் இருப்பவரே விற்பவராக இருந்து, கடன் பதிவு மட்டும் நீங்காமல், நிதி நிறுவனத்தின் கடிதம் கெடு தாண்டாமல் கையிலேயே இருந்தால், அது புகை தள்ளும் வண்டியைவிட நல்ல பேரம். பத்து நாளில் முடிந்துவிடும், இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவர் செல்பேசியை எடுக்கச் சொல்லி, பதிவில் உள்ள எண் அதுதானா என்று ஒரு ஓ.டி.பி. வரவழைத்துப் பார்த்துவிடுகிறேன். அதே போல, புகை தள்ளும் வண்டியில் அடிச்சத்தம் கேட்டாலோ, ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தாலோ அதை விட்டுவிடுகிறேன். அந்த நிறம், ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது என்பதற்கு அடையாளம். இன்ஜினை முடித்தாலும் வயரிங்கும் பேரிங்குகளும் ஒவ்வொன்றாகப் போகும். நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டி என்றால் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விற்பவர் கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையை மறைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், ஐந்து நிமிட ஓட்டத்தில் தெரியாது. இருபது கிலோமீட்டராவது ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஓடும்போதே ஒருமுறை முழுதாக முறுக்கிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போய்த் திரும்பினால் அந்தத் தூரம் தாராளமாக வந்துவிடும். விற்பவர் பின்சீட்டில் உட்கார்ந்து வர மறுக்கிறார் என்றால் நான் விலை பேசுவதையே அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.